வரவேற்பு பேனரில் என்ன எழுதுவது? கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் பக்கம் ஒரு சின்ன ஊரில் ஃபிளெக்ஸ் அடித்துக் கொடுக்கும் கடையில் வாசகம் சரிபார்ப்பது என் வேலை. அமைச்சர் வருகிறார், கலெக்டர் வருகிறார், மெடல் வாங்கிய பிள்ளை நாளைக்கு ரயிலில் வந்து இறங்குகிறது என்று அவசரமாக வருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதியிருக்கிறேன்.

அண்ணே, பேனர்ல கட்டாயம் என்னென்ன இருக்கணும்?

மூன்றே விஷயம்தான். யார் வருகிறார், எதற்காக இந்த வரவேற்பு, வரவேற்பது யார். வருபவர் அமைச்சர் என்றால் "எதற்காக" என்ற இடத்தில் நிகழ்ச்சியின் பெயர் வரும். விளையாட்டு வீரர் என்றால் அங்கே அவர் வென்றது வரும். தேதி, இடம், நேரம் எல்லாம் அழைப்பிதழுக்கு உரியவை. தெருவில் போகிறவர் இந்தப் பேனரைப் பார்த்து நிகழ்ச்சிக்கு வரப்போவதில்லை.

"வருக வருக"ன்னு போடணுமா, "வரவேற்கிறோம்"னு போடணுமா?

இரண்டும் சரி. ஆனால் இரண்டுக்கும் வாக்கியம் வேறு. "வருக" என்பது வருபவரைப் பார்த்து நேரே சொல்வது. ஆகவே அதற்கு முன்னால் விளி வேண்டும்: "அமைச்சர் அவர்களே! வருக! வருக!" என்று வரும். "வரவேற்கிறோம்" என்றால் யாரை என்ற கேள்விக்குப் பதில் வேண்டும்: "அமைச்சர் அவர்களை வரவேற்கிறோம்". இரண்டையும் சேர்க்க ஆசைப்பட்டால் "அமைச்சர் அவர்களை வருக வருக என வரவேற்கிறோம்" என்று முழுதாக எழுதிவிடுங்கள்.

கடைக்கு வரும் சீட்டுகளில் நான் அதிகம் பார்க்கும் தப்பு "அவர்களை வருக! வருக!" என்று பாதியில் நிற்பது. கடைசி வரி இடம் போதாமல் வெட்டப்பட்டு, "என வரவேற்கிறோம்" காணாமல் போயிருக்கும். இடம் இல்லை என்றால் ஐயை எடுத்துவிட்டு ஏகாரம் போடுங்கள், வாக்கியம் நிமிர்ந்துவிடும்.

இன்னொன்று. கீழே "அன்புடன் வரவேற்கும் ஊர்ப் பொதுமக்கள்" என்று போடுவதாக இருந்தால் மேலே "வரவேற்கிறோம்" வேண்டாம், "வருக! வருக!" போதும். ஒரே பேனரில் இரண்டு முறை வரவேற்கத் தேவையில்லை. "வருகை தரும் அவர்களின் வருகையை வரவேற்கிறோம்" என்று கூட ஒரு சீட்டு வந்தது. எத்தனை வருகை!

ஒற்று எங்க போடணும், எங்க விடணும்னு ஒரே குழப்பம். பேனருக்கு மட்டும் சொல்லுங்க.

பேனரில் வரும் சொற்கள் கொஞ்சம்தான், அதனால் மனப்பாடம் செய்துவிடலாம். தங்கப் பதக்கம், வெள்ளிப் பதக்கம், வெண்கலப் பதக்கம், வரவேற்புக் குழு, ஊர்ப் பொதுமக்கள், ஊருக்குப் பெருமை சேர்த்த. இவற்றில் எல்லாம் ஒற்று உண்டு. "பதக்கம் வென்ற", "வருகை தரும்" ஆகியவற்றில் கிடையாது.

"வாழ்த்துகள்" என்று எழுதுவதே பாதுகாப்பு. "வாழ்த்துக்கள்" என்று எழுதினால் சண்டைக்கு வர ஊருக்கு ஒரு தமிழாசிரியராவது இருப்பார்.

மாண்புமிகு யார் யாருக்குப் போடலாம்?

முதலமைச்சர், அமைச்சர்கள், சட்டப்பேரவைத் தலைவர் போன்ற பதவிகளுக்கு மாண்புமிகு. நீதிபதிகளுக்கு "மாண்பமை". மேயருக்கு "வணக்கத்திற்குரிய" என்ற வழக்கம் உண்டு. குடியரசுத் தலைவருக்கும் ஆளுநருக்கும் முன்பெல்லாம் "மேதகு" போடுவார்கள். 2012இல் பிரணாப் முகர்ஜி குடியரசுத் தலைவராக இருந்தபோது, ஆங்கிலத்தில் அதற்கு ஈடான பட்டத்தை உள்நாட்டு நிகழ்ச்சிகளில் தவிர்க்கச் சொன்னார். அதன் பிறகு அவர்களுக்கும் மாண்புமிகு போதும். வெளிநாட்டுத் தூதர் வந்தால் இன்றும் மேதகுதான்.

கவனிக்க வேண்டியது, இந்த அடைமொழி பதவிக்கு உரியது, பெயருக்கு இல்லை. அதனால்தான் "மாண்புமிகு பள்ளிக் கல்வித் துறை அமைச்சர் திரு. (பெயர்) அவர்கள்" என்று பதவி முதலிலும் பெயர் பிறகும் வருகிறது. "மாண்புமிகு உயர்திரு" என்று இரண்டு கிரீடம் வைக்காதீர்கள். முன்னாள் அமைச்சருக்கு மாண்புமிகு கிடையாது. இதைச் சொன்னால் பேனர் கொடுக்க வந்தவர் முகம் சுருங்கும், ஆனால் அப்படித்தான். எந்தப் பதவிக்கு என்ன என்று சந்தேகம் வந்தால், அந்த அலுவலகமே அண்மையில் அடித்த அழைப்பிதழ் ஒன்றை வாங்கிப் பார்த்து, அதில் உள்ளபடியே போடுவது நல்லது.

கலெக்டர் பேருக்குப் பின்னாடி ஐ.ஏ.எஸ். போடலாமா?

தமிழ்ப் பேனரில் இ.ஆ.ப. என்று போடுவதுதான் அரசு வழக்கம். காவல் கண்காணிப்பாளர் என்றால் இ.கா.ப. "மாவட்ட ஆட்சியர் திரு. (பெயர்), இ.ஆ.ப., அவர்கள்" என்று இரண்டு பக்கமும் காற்புள்ளி வரும். ஆட்சியருக்கு மாண்புமிகு இல்லை. முனைவர் பட்டம் இருந்தால் "முனைவர்", மருத்துவம் படித்தவர் என்றால் "மருத்துவர்". இரண்டுக்கும் பொதுவாக "டாக்டர்" என்று போட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள் என்றாலும், கூட "திரு." வேண்டாம்.

எங்க பொண்ணு ஒன்பதாவதுதான் படிக்குது. அதுக்குப் போய் "அவர்கள்"னு போடணுமா?

தேவையில்லை. "செல்வி" என்று முன்னால் போட்டுவிட்டுப் பெயரோடு நிறுத்தலாம், பையன் என்றால் "செல்வன்". "வருக! வருக! எங்கள் ஊர்ச் செல்வமே!" என்று உரிமையோடு எழுதினால் இன்னும் நன்றாக இருக்கும். பதினாலு வயதுப் பிள்ளையை "அவர்கள்" என்று எழுதினால் அதன் பாட்டியே சிரித்துவிடும்.

வயது வந்தவர் என்றால் வீரர், வீராங்கனை என்ற மரியாதை வடிவமே போதும். "மண்ணின் மைந்தர்" என்பதை ஆண்களுக்கு மட்டும் வையுங்கள். போன பேனரின் ஃபைலைத் திறந்து பெயரை மட்டும் மாற்றுவதால், பெண்ணின் படத்துக்குக் கீழே "மைந்தர்" என்று நிற்கும் பேனர்கள் வருஷத்துக்கு இரண்டாவது வந்துவிடுகின்றன. "மண்ணின் மகள்" என்று எழுதுவதில் என்ன குறை?

மெடல் விவரத்தை எப்படி எழுதணும்? எல்லாத்தையும் போட்டா நீளமா ஆகுது.

பதக்கம், விளையாட்டு, போட்டி, ஆண்டு. இந்த நான்கும் சரியாக இருந்தால் போதும். ஒரு உண்மையான வீரரை வைத்தே பழகலாம். எங்கள் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் 2024இல் பாரிஸில் வெண்கலம் வென்றார். அவருக்கு ஒரு பேனர் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். கடைக்கு வரும் சீட்டு பெரும்பாலும் இப்படி இருக்கும்: "பாரிஸ் மாநகரில் நடைபெற்ற உலக அளவிலான ஒலிம்பிக் போட்டியில் கலந்துகொண்டு உயரம் தாண்டுதலில் சிறப்பாக விளையாடி மூன்றாம் இடம் பிடித்து வெண்கலப் பதக்கம் வென்று தாயகம் திரும்பும் தங்கமகன்".

முதல் தப்பு, அது ஒலிம்பிக் இல்லை, பாராலிம்பிக். இரண்டும் தனித்தனிப் போட்டி. பெயரை மாற்றிப் போட்டால் அவர் வென்றதையே மறைத்த மாதிரி ஆகும். பாராலிம்பிக் என்று சொன்ன பிறகு "உலக அளவிலான" தேவையில்லை. வெண்கலம் என்றாலே மூன்றாம் இடம், அதையும் எடுத்துவிடலாம். உயரம் தாண்டுதலை யாரும் "விளையாடுவது" இல்லை. கடைசியில் வெண்கலத்துக்குப் பக்கத்திலேயே "தங்கமகன்" என்று வந்தால், படிக்கிறவர் எந்தப் பதக்கம் என்று ஒரு கணம் தடுமாறுவார். இத்தனையும் களைந்தால் மிஞ்சுவது: "பாரிஸ் பாராலிம்பிக் 2024 / உயரம் தாண்டுதலில் வெண்கலம்".

இப்போது இடம் நிறைய மிச்சம். அதில் அவருக்கு மட்டுமே பொருந்தும் ஒன்றை எழுதலாம். 2016 ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். அதனால் "ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம்" என்று ஒரே வரி. "சாதனை நாயகன்", "சரித்திர நாயகன்" எல்லாம் அந்த வரிக்குப் பக்கத்தில் நிற்க முடியாது. டோக்கியோவுக்கு ஆண்டு போடுவதாக இருந்தால் கவனம். போட்டியின் பெயர் டோக்கியோ 2020, கொரோனாவால் அது நடந்தது 2021இல். "டோக்கியோ 2020" என்று போட்டியின் பெயராக எழுதுங்கள்.

ஆசியப் போட்டின்னு போட்டா போதாதா?

போதாது. ஆசிய விளையாட்டுப் போட்டி என்பது பல விளையாட்டுகள் சேர்ந்து நடக்கும் பெரிய விழா, 2023இல் சீனாவின் ஹாங்சோவில் நடந்தது. ஆசிய தடகள சாம்பியன்ஷிப் என்பது தடகளத்துக்கு மட்டும் தனியாக நடப்பது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்தது ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டி. மூன்றும் மூன்று. சான்றிதழை ஃபோனில் படம் எடுத்து வரச் சொல்வது இதற்காகத்தான். வீட்டில் சொல்வதை விடச் சான்றிதழில் இருப்பதை நம்பலாம்.

பள்ளி அளவிலும் இதே கதை. "மாநில அளவிலான போட்டியில்" என்பதும் "மாநிலப் பள்ளிகளுக்கு இடையேயான போட்டியில்" என்பதும் வேறு. அணி விளையாட்டு என்றால் "தங்கம் வென்ற இந்திய அணியின் வீராங்கனை" என்று அணியையும் சேர்த்துச் சொல்லுங்கள். கூட ஆடிய பிள்ளைகளும் பேனரைப் பார்ப்பார்கள்.

"உலகிலேயே முதல்", "மிக இளம் வயதில்" இதெல்லாம் போட்டா கெத்தா இருக்குமே?

கெத்தாகத்தான் இருக்கும், சரியாக இருந்தால். நம் டி. குகேஷை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் உலக செஸ் சாம்பியன் ஆனபோது அவருக்கு வயது 18. உடனே "உலகின் மிக இளம் செஸ் சாம்பியன்" என்று எல்லாரும் எழுதினோம். ஆனால் செஸ் தெரிந்தவர் ஒருவர் கடைக்கு வந்தால் மடக்கிவிடுவார். உலகப் பட்டம் இரண்டாகப் பிரிந்து கிடந்த காலத்தில், 2002இல், உக்ரைனின் பொனோமாரியோவ் உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் பட்டத்தை வென்றபோது அவருக்கும் 18 வயதுதான், குகேஷை விடச் சில மாதம் குறைவு. அதனால் குகேஷுக்கு "உலகப் பட்டம் இரண்டாகப் பிரியாத காலத்தின் சாம்பியன்களில்" என்று ஒரு நிபந்தனை ஒட்ட வேண்டும். பேனரில் நிபந்தனை எழுத முடியாது.

அப்படியானால் என்ன செய்வது? ஒப்பீட்டை விட்டுவிட்டு எண்ணை எழுதுங்கள். அவர் செஸ் வரலாற்றில் 18ஆவது உலகச் சாம்பியன். "18 வயதில் 18ஆவது உலகச் சாம்பியன்". இதை யாரும் மறுக்க முடியாது, கேட்டதும் மனதில் நிற்கும். "முதல்", "ஒரே", "மிக" என்று தொடங்கும் எந்த வரியையும் சீட்டில் பார்த்தால் நான் இப்படித்தான் ஒரு எண்ணைத் தேடுவேன். உள்ளூர்ப் பிள்ளைக்கு "மாவட்டத்திலிருந்து முதல்" என்று போடுவதும் ஆபத்தே. இருபது வருஷத்துக்கு முன்னால் ஜெயித்தவர் பக்கத்துத் தெருவில் டீ குடித்துக்கொண்டிருப்பார்.

தங்கம் கிடைக்கல, நாலாவது இடம்தான். அப்பவும் பேனர் வைக்கலாமா?

தாராளமாக. இடத்தை எழுதாமல் போட்டியை எழுதுங்கள்: "தேசிய ஜூனியர் தடகளத்தில் தமிழ்நாட்டுக்காக ஓடிய". "வெற்றி வாகை சூடி" மட்டும் வேண்டாம்.

பேரை எப்படிப் போடுறது? பேப்பர்ல ஒரு மாதிரி இருக்கு, வீட்ல ஒரு மாதிரி சொல்றாங்க.

வீட்டில் சொல்வதுதான். மேலே சொன்ன மாரியப்பனை வெளிநாட்டு முடிவுப் பட்டியலில் மாரியப்பன் தங்கவேலு என்று பார்ப்பீர்கள். தங்கவேலு அவருடைய அப்பா பெயர். "தங்கவேலுவே வருக" என்று சுருக்கினால் வரவேற்பு அப்பாவுக்குப் போய்விடும். ஊர்ப் பேனரில் த. மாரியப்பன் என்று எழுதினால் ஊருக்குத் தெரிந்த பெயராக இருக்கும்.

தலைப்பெழுத்தைத் தமிழில் போடுவதா, ஆங்கில ஒலியிலா ("த." அல்லது "டி.") என்பதை அவர்களிடமே கேளுங்கள். வெளிமாநிலத்திலிருந்து வரும் அதிகாரிக்கு அவர் அலுவலகம் தமிழில் எப்படி எழுதுகிறதோ அதுவே. தமிழ் படிக்கத் தெரியாத விருந்தினருக்காக அவர் மொழியிலோ ஆங்கிலத்திலோ பெயரை மட்டும் கீழே ஒரு சின்ன வரியாகச் சேர்க்கலாம். மொத்த வாசகத்தையும் இரண்டு மொழியில் போட்டால் எதுவும் கண்ணில் படாது.

கீழ "இவன்"னு போட்டு எங்க பேரைப் போடுங்க.

"இவண்". மூன்று சுழி ண. "இங்கே", "இவ்விடம்" என்ற பொருளில் வரும் பழைய சொல். இரண்டு சுழி போட்டால் "இவன்: ஊர்ப் பொதுமக்கள்" என்று ஆகி ஊரையே ஒருமையில் கூப்பிட்ட மாதிரி இருக்கும். "இங்ஙனம்" என்றும் போடலாம், ஆனால் அதையும் "இங்கனம்" என்று அடித்துவிடுகிறார்கள். இரண்டும் வம்பு என்று தோன்றினால் முன்னால் சொன்ன "அன்புடன் வரவேற்கும்" போடுங்கள்.

பெயர் வரிசைதான் பேனரில் பெரிய சண்டை. பொறுப்பில் இருப்பவர் முதலில், மற்றவர்கள் அகர வரிசையில் என்று பேசி முடித்துவிட்டு வாருங்கள். ஒரு முறை இருபத்திமூன்று பெயரோடு சீட்டு வந்தது. அடித்து மாட்டிய பிறகு வென்ற பெண்ணின் பெயரை விட வரவேற்பவர்களின் படம் பெரிதாக இருந்தது. அந்தப் பெண்ணின் அம்மா கடைக்கு வந்து, "தம்பி, எம் பொண்ணு எங்க இருக்கா?" என்று கேட்டார். அன்றிலிருந்து எட்டுப் பெயருக்கு மேல் வந்தால் "ஊர்ப் பொதுமக்கள்" என்று ஒரே வரியில் முடிக்கச் சொல்லிவிடுகிறேன்.

எத்தனை வரி எழுதலாம்? பத்துக்கு எட்டு பேனர்.

ஓர் அங்குல உயரமுள்ள எழுத்தைப் பத்தடி தூரத்திலிருந்து வசதியாகப் படிக்கலாம் என்பது தொழிலில் ஒரு கணக்கு. சாலையின் எதிர்ப்புறம் அறுபது அடி என்றால் எழுத்து ஆறு அங்குலம் வேண்டும். பேனரின் உயரம் 96 அங்குலம், அதில் பாதி படத்துக்குப் போய்விடும். மீதி 48இல் பெயருக்கு 12 அங்குலம் கொடுத்து, வரிகளுக்கு இடையில் இடமும் விட்டால், இன்னும் மூன்று வரிதான் வசதியாக நிற்கும்.

தமிழில் வரி இடைவெளியைக் குறைக்கவே கூடாது. மேல் வரியின் "ளு", "கு" போன்றவற்றின் வாலும் கீழ் வரியின் "கீ", "வீ" போன்றவற்றின் சுழியும் முட்டிக்கொள்ளும். தூரத்திலிருந்து பார்த்தால் கறுப்பாக ஒரு பொட்டுதான் தெரியும்.

வாட்ஸ்அப்ல சரியாத்தான் அனுப்பினேன், பேனர்ல எப்படி தப்பு வந்துச்சு?

நீங்கள் அனுப்புவது யூனிகோடு. பல கடைகளில் இன்னும் பாமினி, வானவில் மாதிரியான பழைய எழுத்துருக்களில்தான் வடிவமைக்கிறார்கள். ஒட்டினால் குப்பையாக வரும், அதனால் திரும்ப அடிப்பார்கள். தப்பு நுழைவது அங்கேதான். யூனிகோடை அப்படியே ஒட்டினாலும், மென்பொருள் அதற்கு ஏற்றபடி அமைக்கப்படாவிட்டால் "கொ" உடைந்து கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் நிற்கும். ஃபோட்டோஷாப்பில் எழுத்து அமைப்பில் World-Ready Layout (பழைய பதிப்பில் Middle Eastern and South Asian) என்பதைத் தேர்ந்தெடுத்தால் இது சரியாகும்.

அடிக்கும் முன் படமாக ஒரு பிரதி கேளுங்கள். அந்த வாசகத்தை இதுவரை பார்க்காத ஒருவரிடம் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். எழுதியவர் கண்ணுக்குத் தன் தப்பு தெரியாது. ரகரம் காலாக மாறியிருக்கிறதா, ல, ள, ழ சரியா, பெயரின் தலைப்பெழுத்து சரியா என்று இந்த மூன்றை மட்டும் தனியாக ஒரு தடவை பாருங்கள்.

மெடல் வாங்கின பொண்ணைப் பாராட்ட அமைச்சர் வர்றார். ஒரே பேனர்ல ரெண்டு பேரையும் எப்படி வரவேற்கிறது?

இதுதான் உண்மையிலேயே கஷ்டமான கேள்வி. முடிந்தால் இரண்டு பேனர் வையுங்கள். ஒன்றில்தான் என்றால் இரண்டு தனி வாக்கியமாகப் பிரியுங்கள். ஒரே வாக்கியத்தில் கோத்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்களுக்கு வந்த ஒரு சீட்டே சாட்சி: "தேசிய அளவில் தங்கம் வென்ற மாவட்ட ஆட்சியர் பாராட்டிய எங்கள் பள்ளி மாணவி". இதில் தங்கம் வென்றது யார்? தமிழில் பெயரெச்சம் பக்கத்தில் இருக்கும் பெயரைப் பிடித்துக்கொள்ளும். "வென்ற" என்பதற்கு அடுத்து மாணவிதான் வர வேண்டும்.

பிரித்து எழுதினால் இப்படி வரும். இடப்பக்கம் மாணவியின் படம்: "தேசியத் தடகளத்தில் தங்கம் வென்ற எங்கள் செல்வி (பெயர்) / வாழ்த்துகள்!" வலப்பக்கம்: "பாராட்ட வருகை தரும் மாண்புமிகு அமைச்சர் திரு. (பெயர்) அவர்களே / வருக! வருக!" மாணவிக்கு வாழ்த்து, அமைச்சருக்கு வரவேற்பு. வினை வேறு என்பதால் யாரை முந்தி வரவேற்பது என்ற சிக்கலும் எழாது. அமைச்சரின் பெயர் சிறிதாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், இரண்டு பெயரையும் ஒரே அளவில் வையுங்கள். அதற்குக் கீழே நான் இறங்குவதில்லை.

அனுமதி எண் போடணும்னு சொல்றாங்களே, அதை எங்க போடுறது?

அடியில், ஓரமாக, படிக்கும் அளவில். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து இருசக்கர வண்டியில் வந்த இளம்பெண் ஒருவர் இறந்த பிறகு, அனுமதி இல்லாத பேனர்கள் மீது கெடுபிடி அதிகம். அனுமதி எண், எந்தத் தேதி வரை, அச்சிட்டவர் பெயர் ஆகியவற்றுக்கு வடிவமைக்கும்போதே ஒரு பட்டை ஒதுக்கிவிடுங்கள். கடைசியில் சேர்த்தால் "இவண்" வரியின் மேல்தான் ஏறும்.

மாட்டினதுக்கு அப்புறம் தப்பு தெரிஞ்சுது. ஒட்டு போடலாமா?

போடலாம், எழுத்தை மட்டும் ஒட்டாதீர்கள். வெயிலில் நின்ற ஃபிளெக்ஸும் புதுத் துண்டும் நிறத்தில் ஒத்துப்போகாது, அந்த ஓர் எழுத்துதான் முதலில் கண்ணில் படும். முழு வரியையும் அதே பின்னணியோடு ஸ்டிக்கரில் அடித்து, தூசியை ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு, ஒரு ஓரத்திலிருந்து தேய்த்துக்கொண்டே ஒட்டுங்கள். தப்பு பெயரில் என்றால் ஒட்டு வேண்டாம், திரும்ப அடித்துவிடுங்கள். அப்படி வந்தால், தப்பு கடையில் நடந்தது என்றால் காசு கேட்க மாட்டோம். சீட்டிலேயே தப்பு என்றால் பாதிக் காசு.